பிறை தெரியாத இரவுக்கு முன்பணம்

ரமலான் மாதம் பாதியைத் தாண்டிவிட்டால், சென்னையில் வீட்டிலிருந்தபடி மெஹந்தி போடும் பெண்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் ஓர் அறிவிப்பு வந்துவிடும். வார்த்தைகள் ஆளுக்கு ஆள் மாறும், அச்சு ஒன்றுதான். "ஈத் ஸ்பெஷல் புக்கிங் ஓப்பன். பிறை இரவு 7.30 முதல் 1.30 வரை. அரபிக், இந்தோ-அரபிக், மண்டலா, மொராக்கன். இன்னும் 6 ஸ்லாட் மட்டுமே. பாதித் தொகை அட்வான்ஸ் அனுப்பினால்தான் ஸ்லாட் உறுதி. அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது." மேலே ஒரு கை, அதில் செக்கச்சிவந்த கொடி. கீழே கேள்விகள்: "அக்கா, பத்து மணிக்கு இருக்கா?" "ரெண்டு கையும் எவ்வளவு?" அப்புறம், தவறாமல் யாராவது ஒருவர்: "கையில பூ போடறதுக்கெல்லாம் அட்வான்ஸா?"

அந்தக் கடைசிக் கேள்வி கேட்பவர் பக்கம் நான் இல்லை. முன்பணம் கேட்பது நியாயம். ஆனால் "எக்காரணம் கொண்டும்" என்று எழுதி அதோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. காரணம், விற்கப்படுகிற இரவு எந்த இரவு என்பது பணம் வாங்கும்போது இருவருக்குமே தெரியாது.

கல்யாண மெஹந்திக்கு முகூர்த்தப் பத்திரிகையில் தேதி அச்சாகியிருக்கும். ரம்ஜானுக்கு அப்படி இல்லை. 29ஆம் நோன்பு முடிந்து சூரியன் மறைந்ததும் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு, அதற்கு அடுத்த நாள்தான் பெருநாள். தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்புக்காகக் காத்திருப்பவர்களே அதிகம். மார்ச் மாதக் கடைசியில் சென்னையில் சூரியன் மறைய மாலை ஆறே கால் தாண்டிவிடும். அதன் பிறகுதான் சேதி வரும். ஆக, ஏழரை மணி ஸ்லாட் இன்றைக்கா நாளைக்கா என்பது அதற்குச் சற்று முன்புதான் தெரியவரும்.

இது என்றோ ஒருநாள் நடக்கும் சங்கடமும் இல்லை. 2024இல் இங்கே நோன்பு மார்ச் 12 அன்று தொடங்கியது. 29ஆம் நோன்பு ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பிறை அறிவிக்கப்படவில்லை. முப்பது நோன்பும் முடிந்து ஏப்ரல் 11 அன்றுதான் பெருநாள். அதே ஆண்டு கேரளத்தில் ஏப்ரல் 10 அன்றே பெருநாள் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2025இல், நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது. மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை பிறை தெரிந்து, திங்களன்று பெருநாள். ஓர் ஆண்டு முப்பது, மறு ஆண்டு இருபத்தொன்பது. 2024இல் ஏப்ரல் 9ஆம் தேதி என்று போட்டு ஸ்லாட் விற்றவரும், 2025இல் நிதானமாக மார்ச் 31 இரவு என்று போட்டவரும் ஒரே மாதிரி மாட்டிக்கொண்டிருப்பார்கள். பிறை இரவு என்று மட்டும் போட்டவர் தப்பித்தார். ஆனால் அவருடைய வாடிக்கையாளர் தப்பவில்லை. செவ்வாய் இரவு என்று நினைத்து அலுவலகத்தில் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கி வந்தவர், புதன்கிழமை ஊருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தால், அவர் அனுப்பிய பாதித் தொகை என்ன ஆகும்? அறிவிப்பு அதைச் சொல்வதே இல்லை.

இந்த அறிவிப்பில் ஸ்லாட் என்று விற்கப்படுவது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். ஏழரை முதல் ஒன்றரை வரை ஆறு மணி நேரம், அதாவது 360 நிமிடம். உள்ளங்கைப் பக்கம் மட்டும், இரண்டு கைக்கும் எளிய அரபிக் கொடி போட, கை பழகிய ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும் என்று வைப்போம். ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்கார, கோன் நுனியைத் துடைக்க, டிசைனைக் காட்டித் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம். ஆளுக்கு 25 நிமிடம். ஓர் இரவுக்குப் பதினான்கு பேர், அவ்வளவுதான். கூலிக்கு ஆள் வைத்து இதைக் கூட்டிவிட முடியாது. வாடிக்கையாளர் தேடி வருவது அந்த ஒரு கைக்காக.

இந்தக் கணக்கு எங்கே உடையும் என்பது போட்டவர்களுக்கெல்லாம் தெரியும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பின்பக்கமும் லேசா ஒரு கொடி போட்டுடுங்க அக்கா." லேசாக ஒரு கொடி என்றால் பதினைந்து நிமிடம். பதினான்கு பேரில் மூன்றே பேர் இப்படிக் கேட்டு, அவரும் முகத்துக்கு அஞ்சி ஒப்புக்கொண்டால், முக்கால் மணி நேரம் போயிற்று. 12.55க்கு உட்கார வேண்டிய கடைசிப் பெண் 1.40க்குத்தான் உட்காருவார். அவர் மடியில் தூங்கி விழும் குழந்தையோடு மாடிப்படியில் காத்திருப்பார். அறிவிப்பில் சொன்னபடி அவருக்கான நேரத்தைக் கொடுக்காதது யார் தவறு? பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று எழுதியவர், நேரத்துக்கு உட்கார வைப்போம் என்று எழுதவில்லையே!

ஆகவே டிசைன் பெயர்கள் வெறும் அழகுப் பட்டியல் கிடையாது. அவைதான் நேரத்தின் அளவுகோல். அரபிக் என்றால் தடித்த கோட்டில் இலையும் பூவுமாக மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிக்குச் சாய்வாக ஓடும் ஒரே கொடி. இரண்டு பக்கமும் தோல் தெரிய வெற்றிடம் விட்டிருக்கும். அதனால்தான் சீக்கிரம் முடிகிறது. மண்டலா என்பது உள்ளங்கை நடுவில் வட்டம் வட்டமாக விரியும் பூ. அதையே சுருக்கி, நடுவில் ஒரு பொட்டும் விரல் நுனிகளுக்குத் தொப்பியும் வைத்தால் நம் பாட்டிமார் அம்மியில் அரைத்த மருதாணியில் வைத்துவிட்டதுதான். அதற்குப் பத்து நிமிடம் போதும். மொராக்கன் கோணமும் கட்டமுமானது. கோடு நேராக வர வேண்டும் என்பதால் கை ஆடாமல் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. இந்தியன் அல்லது ராஜஸ்தானி என்று சொல்லப்படுவதில் வெற்றிடமே இருக்காது: மாங்காய், மயில், வலை என்று முழங்கை வரை நுணுக்கமாக நிரப்ப வேண்டும். இரு பக்கமும் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். விவரம் தெரிந்த கலைஞர் பிறை இரவுப் பட்டியலில் அதைச் சேர்க்கவே மாட்டார். சேர்த்திருந்தால் ஒன்று, அவருக்கு நேரக் கணக்குத் தெரியவில்லை. அல்லது பெயருக்கு நாலு மாங்காய் போட்டு அனுப்பிவிடுவார்.

வாடிக்கையாளர் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. இணையத்தில் பார்த்த மணப்பெண் கையின் படத்தை அனுப்பிவிட்டு, அரபிக் ஸ்லாட்டுக்குப் பணம் கட்டுவார். படத்தில் இருப்பது மூன்று மணி நேர வேலை, கட்டியது இருபது நிமிடத்துக்கு. அறிவிப்பில் "அரபிக், உள்ளங்கை மட்டும், இரண்டு கை, 20 நிமிடம், பின்பக்கம் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி இரண்டு ஸ்லாட் எடுக்கவும்" என்று ஒரு வரி இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் கருத்துப் பெட்டி அமைதியாக இருக்கும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். எல்லாரும் அடித்துப்பிடித்து வாங்குகிற அந்த ஸ்லாட்தான் நிறத்துக்கு மிக மோசமான ஸ்லாட் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. இலைப்பொடியைப் புளிப்பான நீரில் குழைத்து வைத்தால் அது மெல்ல வெளியே வந்து, தோலின் மேலடுக்கில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பூச்சைச் சுரண்டி எடுத்ததும் தெரிவது ஆரஞ்சு நிறம். அது காற்றுப் பட்டு ஒருநாள், இரண்டு நாள் போகப் போகத்தான் செம்பழுப்பாக, பிறகு அடர் சிவப்பாக மாறும். பூச்சு எவ்வளவு நேரம் கையில் இருக்கிறதோ அவ்வளவு ஆழமாகப் பிடிக்கும். ஆறு மணி நேரமாவது இருந்தால் நல்லது. எடுத்த பிறகு அரை நாளாவது தண்ணீர் படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இதைப் பிறை இரவோடு பொருத்திப் பாருங்கள். ஏழரைக்குப் போட்டுக்கொண்டவர் கையில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரை பூச்சு இருக்கலாம். 12.55க்கு உட்கார்ந்தவர் கதை வேறு. ஒன்றேகாலுக்கு எழுகிறார், ஐந்து மணிவாக்கில் சுபுஹு தொழுகைக்கு ஒளூ செய்ய வேண்டும். காய்ந்த பூச்சு தோலில் நீர் படாமல் தடுக்கும் என்பதால் அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும் (நிறம் தடுக்காது, பூச்சுதான் தடுக்கும்). முழுசாக நான்கு மணி நேரம்கூட இல்லை. எடுத்த கையோடு ஒளூ, பிறகு பெருநாள் குளியல், பிறகு பிரியாணிச் சட்டி. புத்தாடை உடுத்திப் படம் எடுக்கும் காலை எட்டு மணிக்கு அந்தக் கை ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஒழுங்காகச் சிவப்பது பெருநாளுக்கு மறுநாள், விருந்தாளியெல்லாம் போன பிறகு.

இந்த இடத்தில்தான் தப்பு நுழைகிறது. "போன வருஷம் உங்ககிட்ட போட்டேன் அக்கா, கலரே வரல" என்ற ஒரு வரி போதும், அடுத்த ஆண்டு வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்விடுவார். அந்தப் பயத்தில் சிலர், ஒரு மணி நேரத்தில் கறுத்துச் சிவக்கும் கடைக் கோனுக்கு மாறுகிறார்கள். மருதாணி இலையில் அந்த வேகம் கிடையாது. வேகம் தருவது அதில் கலந்த வேறு சாயம். கன்னங்கரேல் என்று பிடிக்கும் கறுப்பு மெஹந்தியில் பாரா-பினைலின்டையமின் சேர்ந்திருப்பது உலகமெங்கும் தோல் மருத்துவர்கள் அறிந்த ஒன்று. முடிச்சாயத்தில் கலக்கிற பொருள் அது; அந்தச் சாயத்தையும் முதலில் தோலில் ஓர் இடத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லித்தான் பெட்டியில் எச்சரிக்கை இருக்கும். சிலருக்கு ஒவ்வாமையாகி, டிசைன் போட்ட கொடியின் தடத்திலேயே சில நாளில் தோல் தடித்துக் கொப்புளம் கிளம்பும். ஒருமுறை அப்படி ஆனவருக்குப் பிற்பாடு தலைக்குச் சாயம் அடித்தாலும் வினையாகலாம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. அசல் கோன் பச்சையும் பழுப்புமாக இருக்கும்; இலை வாசனையோடு நீலகிரித் தைலம், லாவெண்டர் மாதிரி எண்ணெய் வாசனை வரும். எடுத்தவுடன் ஆரஞ்சுதான் தெரியும். மாறாக, பெட்ரோல் நெடி அடித்தாலோ, பத்து இருபது நிமிடத்தில் எடுத்தாலும் கருஞ்சிவப்பாக இருந்தாலோ, அது வேறு சரக்கு. இன்னோர் அடையாளம் ஆயுள். பொடி, எலுமிச்சை அல்லது தண்ணீர், சர்க்கரை, தைலம் மட்டும் சேர்த்துக் குழைத்தது நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் ஓரிரு நாளிலேயே வீரியம் இழந்துவிடும். குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். கடை அலமாரியில் ஒரு வருடம் இருந்தும் அப்படியே சிவக்கிற கோன் எதனால் சிவக்கிறது என்று வாங்குபவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ராஜஸ்தானின் சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, எல்லாரும் சோஜத் பொடி என்றே எழுதுகிறார்கள். பொடி சோஜத்தாக இருக்கலாம்; கூடச் சேர்ந்தது என்ன என்பதுதான் கேள்வி.

இந்த உறைபகுதிச் சங்கதியும் பிறையோடு சேர்ந்ததுதான். பதினான்கு பேருக்கான கோனை 29ஆம் நோன்பு காலையிலேயே வெளியே எடுத்து வைத்துவிட்டு, மாலையில் பிறை தெரியாமல் போனால், மறுநாள் இரவுக்குள் அந்தக் கோன்களின் வீரியம் குறைந்திருக்கும். அனுபவசாலிகள் பிறை அறிவிப்பு வந்த பிறகே முதல் இரண்டு மூன்று கோனை எடுத்து உருக விடுவார்கள். மிச்சம் உள்ளேயே இருக்கும். முதல் முறை பண்டிகைப் புக்கிங் எடுக்கும் பெண்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். அந்த ஆண்டு அவர்கள் பேர் கெடுவதற்கு டிசைன் காரணமாக இருக்காது.

ஆக, நிறமும் வேண்டும், நிச்சயமும் வேண்டும் என்றால், வழி 28ஆம் நோன்பு முடிந்த இரவு. அன்றிரவு போட்டால், பெருநாள் 29ஓடு வந்தாலும் நடுவே ஒரு முழுப் பகல் கிடைக்கும். முப்பதோடு வந்தால் இரண்டு பகல். எப்படிப் பார்த்தாலும் பெருநாள் காலை கை சிவந்திருக்கும், ஆரஞ்சு கிடையாது. 2024 என்றால் அது ஏப்ரல் 8, 2025 என்றால் மார்ச் 29. பிறை எப்படிப் போனாலும் இந்தத் தேதி மாறாது. அறிவிப்பில் இந்த இரவைத் தனியாகப் போட்டு, பிறை இரவைவிடக் கொஞ்சம் குறைத்து விலை வைத்து, "நல்ல நிறம் வேண்டுபவர்களுக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் கூட்டம் தானாகப் பிரியும். கலைஞருக்கு ஒரே இரவில் பதினான்கு பேர் என்ற கூரை, இரண்டு இரவில் இருபத்தெட்டாகும்.

எல்லாரும் அதற்கு வரமாட்டார்கள் என்பதும் உண்மை. பிறை இரவின் மகிழ்ச்சியே மருதாணியில்தான் இருக்கிறது. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் அந்த இரவில் துணிக்கடையும் வளையல் கடையும் விழித்திருக்க, அக்காவும் தங்கையும் கையை விரித்தபடி நடந்து போவதில் இருக்கிற சந்தோஷத்துக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. அப்படி வருபவருக்கு முந்திய ஸ்லாட்டுகளைக் கொடுத்துவிட்டு, பிந்திய ஸ்லாட்டுகளைப் பிள்ளைகளுக்கான பொட்டும் தொப்பியுமாக மாற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் தூங்கிப்போவார்கள் என்பதுதான் அதில் உள்ள ஒரே சிக்கல்.

சரி, பணம். முன்பணம் இல்லாமல் எழுதி வைத்த ஸ்லாட்டுகளில் பலர் வரமாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். நாலு பேரிடம் ஸ்லாட் சொல்லிவைத்து, எது பக்கமோ அங்கே உட்கார்ந்துவிடுவார்கள். 9.10க்கு வர வேண்டியவர் வரவில்லை என்றால் அந்த 25 நிமிடத்தை எடுத்து மறுநாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. பெருநாள் காலையில் அதை யார் வாங்குவார்? எனவே பாதித் தொகை முன்பணம் என்பது பேராசை இல்லை.

ஆனால் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தர மாட்டேன் என்று எழுதிவிட்டாலே அது செல்லும் என்று நினைப்பது தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் இவ்வளவு என்று முன்பே ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் கைலாஷ்நாத் அசோசியேட்ஸுக்கும் இடையிலான வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: இழப்பே ஏற்படாதபோது, முன்பணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதேநேரம், இழப்பு நிகழ்ந்தது உறுதி, ஆனால் ரூபாய்க் கணக்கில் நிரூபிப்பது கடினம் என்றால், எழுதிவைத்த நியாயமான தொகையையே ஏற்கலாம் என்றும் சொன்னது. அங்கே கோடிக்கணக்கான ரூபாய் நிலம், இங்கே சில நூறு ரூபாய் மருதாணி. அளவுகோல் ஒன்றுதான்.

இதை நம் பதினான்கு ஸ்லாட் இரவில் வைத்துப் பார்ப்போம். ஒரு ஸ்லாட் 400 ரூபாய், முன்பணம் 200 என்று கொள்வோம். முந்தின நாள் மாலை ஒருவர் வேண்டாம் என்கிறார். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு அதே நேரம் போய்விடுகிறது. கலைஞருக்கு என்ன இழப்பு? ஒன்றுமில்லை. 200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டியதுதான் முறை. இன்னொருவர் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை; பத்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்தவரை உட்கார வைத்தாலும் அந்த நேரம் போனது போனதுதான். அந்த 200 கலைஞருடையது. மூன்றாவது, வீட்டுக்கு வரச் சொன்னவர். திருவல்லிக்கேணியிலிருந்து பெரம்பூருக்கு, ஐந்து பெண்களுக்கு. அதற்காக அந்த இரவின் ஐந்தாறு ஸ்லாட்டைக் கலைஞர் விற்காமல் வைத்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கு அழைத்து, "இல்லம்மா, இங்க பக்கத்து வீட்டுப் பொண்ணே போட்டுடுறாளாம்" என்றால், பாதித் தொகை போதாது என்றுகூடச் சொல்லலாம். மூன்றுக்கும் ஒரே வரி, ஒரே விதி என்பது எப்படிச் சரியாகும்?

நான்காவது ஒன்று இருக்கிறது. இதில் யாரும் வாக்கு மீறவில்லை. பிறை தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த நிலைக்கு அறிவிப்பிலேயே எழுதி வைக்க வேண்டியது இது: "பிறை தெரியாவிட்டால் உங்கள் ஸ்லாட் அதே நேரத்தில் மறுநாள் இரவுக்கு மாறும். மறுநாள் வர இயலாதவர்கள் இன்றே வந்து போட்டுக்கொள்ளலாம், அல்லது இரவு 9 மணிக்குள் சொன்னால் முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும்." நடுவில் உள்ள பகுதிதான் கலைஞருக்கு லாபம். பிறை தெரியாத அந்த இரவில் அவர் சும்மாத்தானே உட்கார்ந்திருக்கிறார்? வருபவர்களுக்கும் நஷ்டமில்லை, சஹருக்கு எழும் வரை பூச்சைக் கையில் வைத்திருந்துவிட்டு எடுத்தால், பெருநாளுக்கு முன் முழுதாக ஒரு பகல் கிடைக்கும். 2024 ஏப்ரல் 9 இரவில் போட்டுக்கொண்டவர்கள், மறுநாள் இரவில் அடித்துப்பிடித்துப் போட்டுக்கொண்டவர்களைவிட நல்ல நிறத்தோடு பெருநாள் கண்டிருப்பார்கள்.

விதியை எங்கே எழுதுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. பலர் முன்பண விதியை ஸ்டோரியில் போடுகிறார்கள். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நான்கு நாள் கழித்துப் பணம் அனுப்பும் பெண் அதைப் பார்த்திருக்க மாட்டார். பணம் பெற்ற பிறகு, "அதான் போட்டிருந்தேனே" என்று சொல்வதில் நியாயமில்லை. யுபிஐ எண்ணைக் கொடுக்கும் அதே செய்தியில் விதியும் இருக்க வேண்டும். அந்தச் செய்திப் பரிமாற்றம்தான் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். இது பிற்பாடு வழக்குக்காக என்று சொல்லவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒன்றை வரையறுத்து, இழப்புக்குப் பொருந்தாத அபராதத்தையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 200 ரூபாய்க்காக யார் போவார்? செய்தியில் தெளிவாக எழுதிவைப்பது ஒன்றுதான் நடைமுறையில் இருவருக்கும் உள்ள பாதுகாப்பு.

ஏமாற்றுவதும் இரு பக்கமும் உண்டு. அடுத்தவர் போட்ட கையின் படங்களைத் திருடிப் பக்கம் திறந்து, முன்பணம் சுருட்டிவிட்டு மறைபவர்கள் பண்டிகைக் காலத்தில்தான் முளைப்பார்கள். பணம் அனுப்பும் முன் யுபிஐயில் வரும் பெயர் கலைஞர் பெயரோடு பொருந்துகிறதா, பக்கத்தில் போன ஆண்டுப் பெருநாள் படங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். ஒரே கை பழகிய கோடு எல்லாப் படத்திலும் தெரியும். திருடிய படங்களில் கோட்டின் தடிமன் படத்துக்குப் படம் மாறலாம். மறுபக்கம், பணம் அனுப்பாமலே அனுப்பியதுபோல் ஸ்கிரீன்ஷாட் தயாரித்து அனுப்பி ஸ்லாட் வாங்குபவர்கள். நாளொன்றுக்கு நாற்பது செய்தி வரும் வாரத்தில் கலைஞர்கள் இதில் எளிதில் ஏமாறுவார்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காமல் தன் வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகே "உறுதி" என்று பதில் போட வேண்டும்.

கடைசியாக, நான் பார்த்த எந்த அறிவிப்பிலும் இல்லாத ஒரு வரி. கலைஞரே வர முடியாமல் போனால்? காய்ச்சல் வரலாம், வீட்டில் ஒரு சாவு நேரலாம், மூன்று பேர் பின்பக்கம் கேட்டதால் பன்னிரண்டு மணிக்காரருக்கு நேரமே இல்லாமல் போகலாம். வாங்குபவர் வராவிட்டால் 200 போகும் என்றால், போடுபவர் வராவிட்டால் அந்த 200 திரும்பி வர வேண்டும், அதுவும் உடனே. "பெருநாள் முடிஞ்சு அனுப்பிடறேன்மா" என்பது பதில் ஆகாது. இரவு ஒன்பது மணிக்குத் தெரிந்தால் ஒன்பதே காலுக்குள் பணம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வேறொரு பெண்ணிடம் அவர் கை நீட்டலாம். பதினொன்றுக்குச் சொன்னால் அங்கேயும் வரிசை நீண்டிருக்கும்.